அண்ணன் பேரில் இருந்த நெஞ்சு

"நான் சொல்றத முழுசா கேட்டுட்டு—"

"நீங்க சொல்லி முடிச்சிட்டு பஸ் ஏறிப் போயிடுவீங்க அண்ணி, அப்புறம் நான்—"

"நாளைக்குக் கடேசி நாளு சீனு! பதினஞ்சு நாள் குடுத்தாங்க, பதிமூணு நாளு உன் வாசல்லயே—"

"—அப்புறம் நான் இன்னா வேலைக்கிப் போறது? நெஞ்சுல ஸ்டென்ட் வச்சவன் கையில எந்த ஸ்கூல்காரன் பஸ்ஸக் குடுப்பான்?"

"உங்க அண்ணனப் பொய்யன்னு எழுதிக்கீறாங்கடா!"

சுலோசனாவின் குரல் பஸ்ஸுக்குள் முட்டி மோதித் திரும்பி வந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து சித்தூர்ப் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் நிறுத்தியிருந்த பஸ். ஐம்பது சீட்டும் காலி. ஒரு சீட்டில் யாரோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் மட்டும் படுத்துக்கிடந்தது. சீனு டிரைவர் சீட்டில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த முதுகைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவள் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே முதுகு. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர்கள் ஊரான பாலசமுத்திரத்தில் பின்னாலிருந்து கூப்பிடுகிறவர்கள் பாதிப் பேர் ஆள் மாற்றித்தான் கூப்பிடுவார்கள்.

"பொய்யன்னு அந்த வார்த்தையா எழுதிக்கீறாங்க?" என்றான் சீனு, திரும்பாமலே.

"இங்கிலீஸ்ல நாசூக்கா எழுதிக்கீறாங்க. பொண்ணு ஹரிதா படிச்சுத் தமிழ்ல சொன்னா. நாசூக்கா சொன்னா பொய் மெய்யாயிடுமா?"

கடிதம் அவள் பைக்குள் நாலாக மடிந்து கிடந்தது. பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, மனப்பாடம். அவள் புருஷன் கோவர்த்தனன் எடுத்த இருபது லட்சம் ரூபாய் ஆயுள் பாலிசி. அதற்கு அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவத்தில் ஒன்பதாவது கேள்வி: இதய நோய்க்கு எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா? பதில்: இல்லை. ஆனால் பாலிசிக்கு ஏழு மாதம் முன்பே, திருப்பதியில் ஒரு மருத்துவமனையில், அதே கோவர்த்தனனுக்கு, அதே ஆதார் எண்ணில், இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. இது முக்கியமான தகவல், மறைக்கப்பட்டதாகத் தெரிகிறது. எனவே இன்சூரன்ஸ் சட்டம் நாற்பத்தைந்தாம் பிரிவின்படி பாலிசியைச் செல்லாததாக்குவது குறித்துக் கம்பெனி யோசித்துக்கொண்டிருக்கிறது. முடிவெடுக்கும் முன், நாமினி ஆகிய தாங்கள் விளக்கம் ஏதும் சொல்ல விரும்பினால், ஆதாரத்தோடு, பதினைந்து நாட்களுக்குள்.

விளக்கம் இருந்தது. அது இதோ, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இரண்டரை வருஷத்துக்கு முந்தின ஆடி மாதம் அது. சீனு அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். லீவில் ஊருக்கு வந்தவன், கிணற்று மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். வண்டி பிடித்துத் திருப்பதிக்கு ஓடினார்கள். அங்கே முதல் கேள்வியே, இலவச வைத்தியத்துக்கு ரேஷன் கார்டு இருக்கா? சீனுவின் பெயர் மாமனார் ஊரான பள்ளிப்பட்டுப் பக்கம், தமிழ்நாட்டு ரேஷன் கார்டில் ஏறிவிட்டிருந்தது. ஆந்திரக் கார்டில் பெயரை அடித்தாகிவிட்டது. எல்லையோரத்து ஜனங்களுக்கு இது புதிதில்லை. அரிசி இந்தப் பக்கம், கேஸ் அந்தப் பக்கம், ஓட்டு எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒரு சிரிப்பு. ஆனால் அன்றைக்குச் சிரிக்க நேரமில்லை. கோவர்த்தனன் தன் கார்டை எடுத்து நீட்டினான். உள்ளே தம்பிக்கு மூக்கில் ஆக்சிஜன் மாட்டி ஒரு போட்டோ எடுத்தார்கள். முகத்தில் பாதி மூடியிருந்தது, மீதிப் பாதி அண்ணன் முகம்தான். வெளியே கவுன்ட்டரில் அண்ணன் கட்டைவிரலை வைத்தான். ரேகை அண்ணனுடையது, நெஞ்சு தம்பியுடையது. அன்றைக்கு அது ஒரு உயிரைக் காப்பாற்றிய காரியம். தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, மோட்டார் கொட்டகையில் பீடியைப் பற்றவைக்கக் குனிந்த கோவர்த்தனன் நிமிரவே இல்லை. பாலிசி போட்டு ஒன்றரை வருஷம்.

"நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்," என்றாள் சுலோசனா. "அந்த ஸ்டென்ட் என் நெஞ்சுல கீதுன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

"ஒரு வார்த்தையா அது? கார்டை மாத்திப் போட்டு கவர்மென்ட்ட ஏமாத்தினேன்னு ஒரு வார்த்தை. இந்த ஸ்கூல்ல சேரும்போது ஒடம்புல ஒண்ணுமில்லன்னு சர்ட்டிபிகேட் குடுத்தனே, அது பொய்யின்னு ஒரு வார்த்தை. எத்தினி வார்த்தை ஆவுது, எண்ணிப் பாருங்க."

"உயிரோட இருக்கறவன் எண்ணலாம். அவரு எண்ண முடியாது."

அப்போது அவள் பைக்குள் டொக் என்று ஒரு சத்தம். கோவர்த்தனனின் போன். அதை அவள் அணைக்கவில்லை, தினம் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். கேட்டால், பேங்க்காரன் கூப்பிடுவான் என்பாள். எடுத்துப் பார்த்தாள். எழுந்து போய், சீனுவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஸ்டியரிங் மேல் போனை வைத்தாள்.

"படி."

அவன் படித்தான். வாய்விட்டுப் படிக்கவில்லை.

"எனக்கே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சு போச்சு," என்றாள் அவள். "டியர் கோவர்த்தனன். டாக்டர் ரிவ்யூ இன்னிக்கு மதியம் மூணு மணி. அவரு போயி அஞ்சு மாசம் ஆவுது, ஆசுபத்திரி இன்னும் அவர விடாம கூப்ட்டுக்கினு கீது. ராத்திரில பேர் சொல்லிக் கூப்ட்டா மூணாந்தரம் கூப்ட்டாத்தான் ஏன்னு கேக்கணும்பாங்க. இது மாசா மாசம் கூப்புடுது."

சீனுவின் முகம் கண்ணாடியில் தெரிந்தது. உதடு காய்ந்திருந்தது.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது."

"சிரிச்சு எத்தினி நாளாவுது."

"நோவு என்னுது. எழுதனது அண்ணன் பேர்ல. மேல ஒருத்தன் கணக்கு எழுதறான்னு சொல்றாங்களே, அவன் நெஞ்சப் பிரிச்சா பாப்பான்? பேரத்தான் பாப்பான். என்னைத் தேடி வந்தவன் பேரப் பாத்து அண்ணனக் கூட்டிக்கினு போயிட்டான்."

இதே நினைப்பு ஐந்து மாதமாகச் சுலோசனாவின் தலைமாட்டிலும் உட்கார்ந்திருந்தது. ஆனால் இன்னொருவர் வாயில் கேட்டபோது சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா," என்றாள் மெதுவாக, "அந்தக் கணக்கயாவது போயி சரிபண்ணு."

சீனு வெகுநேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு கொட்டகையின் மறுகோடியில் நின்ற இன்னொரு டிரைவரை எட்டிப் பார்த்து, "கங்கையா! சாயங்கால ட்ரிப் நீ பாரு!" என்று கத்தினான்.

"எதுக்குடா?"

"திருப்பதி போறேன்!"

"சாமிகிட்ட என்னையும் சொல்லு!"

"சாமிகிட்ட இல்லடா," என்றான் சீனு, கங்கையாவுக்குக் கேட்காதபடி.

*

திருப்பதியில் இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒரு மாடியில். கிளைம் பிரிவு அதிகாரி பாலசுப்பிரமணியன் நகரி ஊர்க்காரர், தறி நெய்கிற குடும்பம், ரிட்டயர் ஆக எட்டு மாதம். மேசையில் கோவர்த்தனனின் ஃபைல் ஏற்கெனவே திறந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் சுலோசனாவுக்கு, புருஷனை யாரோ மல்லாக்கப் படுக்க வைத்திருப்பது போல இருந்தது.

"உக்காரும்மா. தம்பி, நீங்களும். யாரு?"

"அவரு தம்பி," என்றாள் சுலோசனா முந்திக்கொண்டு.

பாலசுப்பிரமணியன் சீனுவை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் ஃபைலில் இருந்த போட்டோவைப் பார்த்தார். மறுபடியும் சீனுவை.

"நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நான் சொல்ல வேண்டியத சொல்லிடறேன். இல்லன்னா அப்புறம் இந்த ஆளு நம்மள மாட்டிவிட்டுட்டான்னு நெனைப்பீங்க. பாலிசி போட்டு மூணு வருசம் தாண்டியிருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது, யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. மூணு வருசத்துக்குள்ள ஆள் போயிட்டதால கேக்கறாங்க. முடிவு எடுக்கறது நானில்ல, மேல கமிட்டி. நீங்க குடுக்கறது எல்லாத்தையும் அனுப்புவேன், ஒண்ணையும் மறைக்க மாட்டேன். நல்லதும் போவும், கெட்டதும் போவும். புரியுதா?"

"புரியுது சார்."

"மூணு விதமா முடியலாம். விளக்கம் சரின்னா முழுப் பணம். தகவல் தப்பு, ஆனா ஏமாத்தற எண்ணம் இல்லன்னா பாலிசி போவும், கட்டின பிரீமியம் மட்டும் தொண்ணூறு நாள்ல திரும்பி வரும். வேணும்னே மறைச்சாருன்னு முடிவு பண்ணா அதுவும் கெடையாது. ஆளு உயிரோட இல்ல பாருங்க, வேணும்னு செய்யலன்னு காட்ட வேண்டியது உங்க பொறுப்பு. எது வந்தாலும் காரணத்த எழுத்துல குடுப்பாங்க. ஒத்துக்கலன்னா ஆம்பட்ஸ்மன்னு கொறை கேக்கற அதிகாரிகிட்ட போலாம், அதுக்குத் தனிக் காசு கெடையாது."

"சார், அந்த ஆபரேசன் அவருக்கு நடக்கவே இல்ல."

சொல்லிவிட்டாள்.

பாலசுப்பிரமணியன் ஆச்சரியப்படவில்லை. ஃபைலில் கடைசிக் காகிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

"எங்க விசாரணைக்காரப் பையன் பிரவீன் ஆசுபத்திரில இருந்து கட்டுக் கட்டா ஜெராக்ஸ் எடுத்துக்கினு வந்தான். முதல் பக்கத்துலயே ஸ்டென்ட்டுன்னு இருந்திச்சா, அதப் பாத்து லெட்டர் அடிச்சிட்டாங்க. கடேசிப் பக்கத்த யாரும் படிக்கல. நேத்து நான் படிச்சேன். உங்க வூட்டுக்காரரு எறந்த தேதி இன்னா?"

"ஆகஸ்ட் ஒம்பது."

"இது இன்னா தேதின்னு பாருங்க."

அவள் விரல் வைத்துப் படித்தாள். இருபத்தைந்து, எட்டு. கோவர்த்தனன். எடை அறுபத்தெட்டு. பிபி நூற்று முப்பதுக்கு எண்பது. நெஞ்சு வலி இல்லை. அதே மாத்திரை தொடரவும்.

"முப்பது வருசமா இந்த சீட்ல கீறேன்ம்மா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "செத்தவங்க கையெழுத்துப் போட்டுப் பாத்துக்கீறேன். செத்தவங்க கடன் வாங்கிப் பாத்துக்கீறேன். பதினாறு நாள் கழிச்சு வந்து பிபி பாத்துக்கினு, நல்லாக் கீறேன்னு சொல்லிட்டுப் போனவரப் பாத்ததில்ல. ராத்திரி தூக்கம் வரல எனக்கு."

இருபத்தி நாலாம் தேதி காரியம். படையலில் அவனுக்குப் பிடித்த வடை வைத்து, காக்காய்க்குக் காத்திருந்து, காக்காய் வராமல் சீனு கைகூப்பி அண்ணா அண்ணா என்று அழுதது அவள் கண்ணில் இருந்தது. அதற்கு மறுநாள். அவள் ஊரில் வளையலில்லாத கையைப் பார்த்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்த நேரத்தில், எழுபது கிலோமீட்டர் தள்ளி, அவள் புருஷனை நாற்காலியில் உட்கார வைத்து, சட்டைக் கையை மடித்து, மூச்சை இழுத்து விடச் சொல்லியிருக்கிறார்கள். அவன் இழுத்து விட்டிருக்கிறான்.

"சீனு," என்றாள். "போனியா?"

"மாத்திரை தீந்து போச்சு அண்ணி."

"மாத்திரை கடையில விக்கறான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேச்சு தரையைப் பார்த்து வந்தது.

"பயம். என் பேர்ல போயி எழுதினா, மேல கணக்கு எழுதறவனுக்குத் தெரிஞ்சிடும், ஆள் மாறிப் போச்சின்னு. செத்தவன் பேர்ல இருந்தா மறுபடி தேட மாட்டான். நர்ஸு கோவர்த்தனன்னு கூப்ட்டா எழுந்திருப்பேன். எழுந்திருக்கும்போது, அண்ணன் எனக்கு முன்னாடி எழுந்து போறாப்பல இருக்கும். அவன் பின்னாடியே போயி உக்காருவேன். அங்க மட்டுந்தான் அண்ணி அவன் இன்னும் சாவல."

பாலசுப்பிரமணியன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அது ஓடவில்லை. மார்கழி.

"தம்பி, இப்ப நீங்க சொன்னத நான் எழுதிக்கல. பேசும்போது சொன்னது பேச்சு. எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் ஃபைலுக்குள்ள போவும்." அவளிடம் திரும்பினார். "அம்மா, இந்தக் காயிதம் உங்களுக்கு நல்லது பண்ணும். வேற யாரோ ஒருத்தரு அந்தப் பேர்ல வைத்தியம் பாத்துக்கினு இருந்தாருன்னு இதுவே காட்டுது. ஒம்பதாவது கேள்விக்கு உங்க வூட்டுக்காரரு சொன்ன பதிலு மெய்யின்னு ஆவும். ஆனா."

அவர் படிவத்தின் நகலை எடுத்தார். பேனா முனை ஒரு வரியில் நின்றது.

"பதினோராவது கேள்வி. அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க யாருக்காவது அறுவது வயசுக்குள்ள இதய நோய் உண்டா? இல்லைன்னு இருக்குது. அந்த ஸ்டென்ட் தம்பியோடதுன்னு நீங்க எழுதிக் குடுத்த அந்த நிமிசம், இந்த இல்லை பொய்யாவுது. எங்க லெட்டர்ல இதப்பத்தி ஒரு வார்த்தை கெடையாது. எங்களுக்குத் தெரியாது. நீங்கதான் தெரிவிக்கறீங்க. கமிட்டி இதையே காரணமா வச்சு மறுபடி ஒரு லெட்டர் அனுப்பலாம். அவருக்கும் நெஞ்சு வலிதானே வந்திச்சு, சம்பந்தம் இல்லன்னு சொல்ல முடியாது. முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவு சாத்திக்கொள்ளும் வீடு மாதிரி இருந்தது.

"அந்த ஃபாரம் யாரு எழுதனது?" என்று கேட்டார்.

"ஏஜென்ட் வரலட்சுமி அக்கா. அவரு தமிழ்லதான் கையெழுத்துப் போடுவாரு. அக்கா ஒவ்வொண்ணா படிச்சிக் கேட்டுச்சு."

"ஒவ்வொண்ணா கேட்டாங்க, அவரு பதில் சொன்னாரு. சரிதானே? ஏஜென்ட் படிச்சே காட்டலன்னா அது வேற விசயம்."

சரியென்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. படிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டால் இன்னும் வசதி, பழி வரலட்சுமி தலையில். சுலோசனாவின் நாக்கு நுனி வரை அது வந்தது. படிவம் எழுதிய அந்தச் சாயங்காலமும் கூடவே வந்தது. வரலட்சுமி முட்டிமேல் படிவத்தை வைத்துக்கொண்டு, கூடப் பொறந்தவங்களுக்கு ஹார்ட்டு கீர்ட்டு ஏதாச்சும் உண்டாண்ணா என்று கேட்டாள். கோவர்த்தனன் வாயைத் திறந்தான். திறந்தது அப்படியே நின்றது. அவன் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கூழ் கிண்டிக்கொண்டிருந்த சுலோசனா துடுப்பை எடுக்காமலே, அவங்க வூட்டுல அல்லாரும் கல்லுக் குண்டாட்டம் கீறாங்க, எழுதுக்கா இல்லைன்னு என்றாள். வரலட்சுமி சிரித்துக்கொண்டே எழுதினாள். உண்டென்று சொன்னால் தம்பியின் ரிப்போர்ட்டைக் கொண்டா என்பார்கள். தம்பியின் பேரில் ரிப்போர்ட் ஏது? ஊர் உலகக் காகிதத்தில் சீனுவுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. முதல் பொய் இரண்டாவதைக் கைபிடித்துக் கூட்டிவந்திருந்தது.

அன்று ராத்திரி படுக்கும்போது கோவர்த்தனன், "சொல்லி இருக்கலாம் சுலோ," என்றான். அவள் தூங்குவதுபோல் கிடந்தாள்.

"சார்," என்றாள். "பதினோராவதுக்கு அவரு பதில் சொல்லல. நான் சொன்னேன்."

"அண்ணி!"

"நீ சும்மா இரு. சார், நாந்தான் சொன்னேன். அவரு கையெழுத்துதான் போட்டாரு. வரலட்சுமி அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

பாலசுப்பிரமணியன் பேனாவை மூடினார். "எழுத வேண்டாம்மா அதை. கேக்கலியே யாரும்."

"கேக்கலன்னா?"

"உங்களுக்குத்தான் சொல்றேன். கையெழுத்து அவருது, அதனால அவரு சொன்னதாத்தான் சட்டம் எடுத்துக்கும். நீங்க எழுதறதால பெருசா லாபம் இல்ல, நஷ்டம் வரலாம்."

"அவரு பொய் சொல்லல சார். ரெண்டு பொய்யும் எங்களுது. ஒண்ணு அவன் நெஞ்சுல கீது, ஒண்ணு என் வாயில கீது. அவரு பாவம், கட்டைவிரலும் கையெழுத்தும் குடுத்தாரு. காயிதத்துல அவரு மட்டும் பொய்யரா நின்னுக்கினு கீறாரு. ராத்திரில வந்து வாசல்ல நிக்கறாரு சார். உள்ள வர்றதில்ல."

அவர் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார். "தமிழ்லயே எழுதுங்க," என்றார். "நான் தெலுங்குல, இங்கிலீஸ்ல மாத்திச் சேத்து வைக்கறேன். உங்க எழுத்து அப்படியே போவும்."

அவள் எழுதினாள். அரைப் பக்கம்தான். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. வைத்தியம் என் கொழுந்தன் சீனுவாசனுக்கு நடந்தது. என் வீட்டுக்காரர் கார்டு கொடுத்தார். பதினோராம் கேள்விக்கு இல்லை என்று சொன்னது நான். இப்படிக்கு.

அவர் படித்தார். "இதுக்கு அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. உங்க வார்த்தைய நம்ப ஆதாரம். சீனுவாசன்னு ஒரு ஆளு, அவரு பேர்ல, அவரு ஆதார்ல, அவரு நெஞ்சுல ஸ்டென்ட் கீதுன்னு டாக்டர் எழுதின ஒரு காயிதம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள. அது வரலன்னா," என்று அவர் அவள் எழுதியதைத் தொட்டார், "இது கதை."

*

ஆசுபத்திரி அடுத்த தெருவில்தான். வரும் வழியில் வீட்டில் எடுத்துக்கொண்ட இரண்டு உறைகள் சீனுவின் கையில் இருந்தன. ஒன்று கசங்கிப் பழுத்தது, அண்ணன் பேரில் இருந்த பழைய ஃபைல். இன்னொன்றில் அவனுடைய ஆதார் மட்டும். ரிசப்ஷனில் வரிசை. "நீங்க போயி உக்காருங்க அண்ணி," என்றான். அவள் உட்கார்ந்தாள். அவன் கவுன்ட்டரில் குனிந்து ஏதோ சொன்னது தெரிந்தது. எந்த உறையை நீட்டினான் என்பது தூண் மறைத்துவிட்டது. திரும்பி வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபோது இரண்டு உறையும் மடியில் இருந்தன, ஒன்றன்மேல் ஒன்று.

"இன்னா சொன்ன?"

"கூப்புடுவாங்க."

"எந்தப் பேர்ல?"

அவன் இரண்டு உறைகளின் விளிம்பையும் சேர்த்து அடுக்கினான். சுவரில் ஒரு நெஞ்சின் படம், சிவப்பும் நீலமுமாய்க் குழாய்கள். அதற்குக் கீழே ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ நாமம் ஜெபித்துக்கொண்டிருந்தார். கடிகாரம் மூன்றைத் தொட்டது. சுலோசனாவின் பைக்குள் போன் மறுபடி டொக் என்றது. அவள் அதை எடுக்கவில்லை.

டாக்டர் அறைக் கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கையில் அன்றைக்கு வர வேண்டியவர்களின் பட்டியல்.

"கோவர்த்தனன்!"

சீனுவின் கால்கள் தாமாகவே எழுந்தன. உடம்பு பாதி நாற்காலியை விட்டு மேலே வந்துவிட்டது. இடது தோள் இறங்கிய அந்த முதுகு, அவள் கண்ணெதிரே எழுந்து நின்று, கதவை நோக்கி ஒரு அடி எடுத்து வைக்கப் போகிறது. அவள் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பேசவும் இல்லை. பதினோராவது கேள்விக்கு ஒரு தடவை அடுத்தவருக்காகப் பதில் சொன்னது போதும்.

"கோவர்த்தனன் உன்னாரா?" இருக்கிறாரா என்று தெலுங்கில் கேட்டாள் நர்ஸ். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சீனு மெல்ல உட்கார்ந்தான். நாற்காலி கிறீச்சிட்டது. அவன் கை நெஞ்சின்மேல், சட்டைப் பையின்மேல், வந்து விரிந்து படிந்தது. கண் மட்டும் டாக்டர் அறைக் கதவையே பார்த்தது, யாரோ எழுந்து உள்ளே போவதைப் பார்ப்பது போல. சுலோசனாவும் பார்த்தாள்.

நர்ஸ் கதவைச் சாத்தப் போனவள், பட்டியலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்து, மூன்றாந்தரம் கூப்பிட்டாள்.

"கோவர்த்தனன்... பாலசமுத்திரம் கோவர்த்தனன், வந்தாரா இல்லையா?"